நண்பரின் பிறந்தநாளுக்கு சினிமா போஸ்டர்: ஒரே பிராம்ப்ட்டில் முடிப்பதா, பிரித்துச் செய்வதா?

நண்பரின் புகைப்படத்தை வைத்து அவரையே நாயகனாக்கி ஒரு சினிமா போஸ்டர் செய்து, பிறந்தநாளன்று கையில் கொடுப்பது இப்போது பலரும் விரும்பும் பரிசாகிவிட்டது. ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற ஏஐ கருவியில் புகைப்படத்தை ஏற்றி, கீழே பிராம்ப்ட்டாக நாலு வரி எழுதினால் கொஞ்ச நேரத்தில் படம் வந்துவிடும். ஆனால் வந்த படத்தில் இருப்பது நம் நண்பரின் முகம்தானா, தலைப்பில் இருக்கும் தமிழ் சரியா, பிரிண்ட் போட்டால் தாங்குமா என்று பார்க்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில், பிராம்ப்ட்டை எவ்வளவு அழகாக எழுதினோம் என்பதைவிட, அதனிடம் எந்தெந்த வேலையை ஒப்படைத்தோம் என்பதில்தான் இருக்கிறது.

ஒப்படைப்பதில் மூன்று வழிகள் உண்டு. முகம், பின்னணி, தலைப்பு எழுத்து எல்லாவற்றையும் ஒரே பிராம்ப்ட்டில் கேட்டுவிடுவது ஒன்று. முகமும் பின்னணியும் மட்டும் பிராம்ப்ட்டில் வாங்கிக்கொண்டு, எழுத்தை நாமே பிறகு வைப்பது இரண்டாவது. பின்னணியை மட்டும் வாங்கி, நண்பரின் அசல் புகைப்படத்தை வெட்டி அதன்மேல் ஒட்டி, எழுத்தையும் நாமே வைப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே உதாரணத்தில் வைத்துப் பார்த்தால் எது யாருக்கு ஒத்துவரும் என்பது தெளிவாகும்.

உதாரணத்துக்கு என் நண்பர் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். வயது நாற்பது ஆகிறது. மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதலான கறுப்பு, கட்டை மீசை, காதோரம் நரை, இடது புருவத்தில் சின்னத் தழும்பு. போஸ்டரின் தலைப்பு ‘பழுது பார்க்கப்படும்’. அவர் கடைப் பலகையில் இருக்கும் வாசகமே அதுதான். தெருவில் யார் வண்டி நின்றாலும், வண்டி இல்லாத வேறு சிக்கல் வந்தாலும், முதலில் போய் நிற்கிற மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. கீழே ‘ஜூன் 14 முதல்’. அது பிறந்தநாள்.

எந்த வழியானாலும் புகைப்படம் நன்றாக இருந்தால்தான் மற்றது நடக்கும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து அவர் தலையை மட்டும் வெட்டிக் கொடுத்தால், அதில் முகத்துக்கு நூறு பிக்சல்கூடத் தேறாது. இல்லாத விவரத்தைக் கருவி தானே கற்பனை செய்து நிரப்பும். அந்தக் கற்பனைதான் ‘யாரோ மாதிரி இருக்கு’ என்று தெரிகிறது. தனியாக, நெஞ்சளவில், பகல் வெளிச்சத்தில், கண் இரண்டும் தெளிவாகத் தெரிகிற படம் வேண்டும். ஃபிளாஷ் அடித்த படத்தில் முகம் தட்டையாகிவிடும். ஒரு பக்கமாக ஜன்னல் வெளிச்சமோ வாசல் வெளிச்சமோ விழுந்த படம் போஸ்டருக்கு அருமையாக அமையும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துவிடும், அதனால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். நம் நண்பருக்கு, ஒர்க்‌ஷாப் வாசலில் நேராகப் பார்த்து நிற்கும் படம் ஒன்று அவர் வீட்டிலிருந்து கிடைத்தது. இடப்பக்கமிருந்து காலை வெளிச்சம். அதைத்தான் மூன்று வழிக்கும் பயன்படுத்தினேன்.

எல்லாவற்றையும் ஒரே பிராம்ப்ட்டில் கேட்பது

பெரும்பாலோர் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

```
இந்தப் புகைப்படத்தில் இருப்பவரை நாயகனாக வைத்து
ஒரு மாஸ் தமிழ் சினிமா போஸ்டர் செய்.
தலைப்பு: பழுது பார்க்கப்படும்
கீழே: ஜூன் 14 முதல்
```

வருகிற படம் முதல் பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும். பின்னால் தீப்பொறி, புகை, கையில் ஸ்பேனர், கண்ணில் கோபம். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால்தான் உறுத்தும். நிறம் இரண்டு படி வெளுத்திருக்கும். காதோர நரை காணாமல் போய் வயது முப்பதாகியிருக்கும். தாடை கூர்மையாகி, தோள் அகன்று, புருவத் தழும்பு மறைந்திருக்கும். ‘மாஸ்’, ‘நாயகன்’ என்ற சொற்களைக் கேட்டதும் கருவி தான் பார்த்துப் பழகிய நாயக முகங்களின் பக்கம் சாய்கிறது. பிரபல நடிகர் ஒருவரின் பெயரை எழுதினால் இன்னும் மோசம், முகம் பாதி அவருடையதாகிவிடும். சில நேரம் கருவி செய்யவே மறுத்துவிடும். நாற்பது வயதுக்காரருக்கு அவருடைய நிறத்தையும் நரையையும் அழித்துவிட்டுப் பரிசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

அடுத்தது எழுத்து. இந்தக் கருவிகள் எழுத்தைத் தட்டச்சு செய்வதில்லை, மற்றப் பொருள்களைப் போலவே அதையும் வரைகின்றன. ஆங்கில எழுத்தை எண்ணற்ற படங்களில் பார்த்துப் பழகியிருக்கின்றன. தமிழ் அந்த அளவுக்குக் கிடைத்திருக்காது. அதோடு தமிழில் உகரம் சேர்ந்தால் எழுத்தின் உருவமே மாறுகிறது, புள்ளி ஒன்று விடுபட்டால் சொல்லே மாறுகிறது. நம் தலைப்பில் ‘ழு’ இருக்கிறது, ‘ர்க்க’ இருக்கிறது, ‘ப்ப’ இருக்கிறது. ‘பளுது’ என்று வரலாம், ‘பழது’ என்று வரலாம், ‘பாரக்கபபடும்’ என்று புள்ளியில்லாமல் வரலாம். புதிய மாடல்கள் இதில் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. இரண்டு மூன்று எழுத்துத் தலைப்பு என்றால் பெரும்பாலும் சரியாகப் போட்டுவிடுகின்றன. சொல் நீண்டாலோ எழுத்து சிறிதானாலோ தடுமாற்றம் ஆரம்பிக்கிறது. போஸ்டரின் அடியில் வரிசையாக வரும் ‘கதை, வசனம், ஒளிப்பதிவு’ பகுதியைக் கேட்டால், தூரத்தில் தமிழ் போலவும் கிட்டே போனால் எதுவுமாக இல்லாமலும் ஒரு பட்டை வரும்.

சரிபார்க்க ஒரு எளிய வழி, தலைப்பைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பது. முன்னிருந்து படித்தால் நம் கண் தெரிந்த சொல்லைத் தானே சரியாக்கிப் படித்துவிடும். பின்னாலிருந்து வந்தால் விடுபட்ட புள்ளி பளிச்சென்று தெரியும்.

பிழை இருந்தால் ‘ழு-வை மட்டும் சரி செய்’ என்று அதே உரையாடலில் கேட்கத் தோன்றும். அங்கேதான் இந்த வழியின் பெரிய பலவீனம். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் கருவி பெரும்பாலும் படம் முழுவதையும் மறுபடி வரைகிறது. எழுத்து சரியாகும்போது முகம் கொஞ்சம் நகரும். அடுத்த திருத்தம் அந்த நகர்ந்த முகத்திலிருந்து தொடங்கும். நாலைந்து திருத்தத்துக்குள் தலைப்பு சரியாகி, போஸ்டரில் நிற்பவர் நண்பரின் சித்தப்பா பையனைப் போல ஆகிவிடுவார். எழுத்துக்காக முகத்தையும், முகத்துக்காக எழுத்தையும் மாறி மாறி இழப்பதுதான் ஒரே பிராம்ப்ட் முறையில் நேரத்தைத் தின்கிற விஷயம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் வைத்து எடுத்துவிடப் போகிறீர்கள், தலைப்பும் ஒரே சொல் என்றால் இந்த வழி போதும். அதற்குமேல் இதை நம்ப வேண்டாம்.

படம் பிராம்ப்ட்டில், எழுத்து நம் கையில்

நான் பரிந்துரைப்பது இதைத்தான். எழுத்து என்ற பாரம் போனதும் பிராம்ப்ட் முழுவதையும் முகத்துக்கும் அமைப்புக்கும் செலவிடலாம். நண்பருக்கு நான் எழுதியது இது:

```
இணைத்த புகைப்படத்தில் இருப்பவரின் முகத்தை அப்படியே
வைத்துக்கொள். முக வடிவம், சரும நிறம், வயது, மீசை,
காதோர நரை, இடது புருவத் தழும்பு எதையும் மாற்றாதே.
சருமத்தை வழவழப்பாக்காதே. முகத்தின் கோணமும்
இடப்பக்க வெளிச்சமும் புகைப்படத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

நீளவாக்கு, 2:3. நெஞ்சளவு உருவம், படத்தின் நடுவில்.
உடை: எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை, தோளில் துண்டு.
பின்னால்: சைக்கிள் செயினும் பைக் உதிரிபாகங்களும்
தொங்கும் பழைய ஒர்க்‌ஷாப், அந்திநேர ஆரஞ்சு வானம்.

கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு இருண்ட, வெறுமையான
இடமாக இருக்கட்டும். எங்கும் எழுத்தோ எண்ணோ வேண்டாம்.
```

இதில் சில வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். ‘முகத்தை மாற்றாதே’ என்று பொதுவாகச் சொன்னால் அது கருவிக்குப் போதவில்லை. நரை, தழும்பு, மீசை என்று பெயர் சொன்னால்தான் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உங்கள் நண்பரை அவர் அம்மா எதை வைத்து அடையாளம் சொல்வாரோ, அவை நாலைந்தை எழுதுங்கள்: மூக்குக் கண்ணாடியின் வடிவம், முன்பல் இடைவெளி, கன்னத்து மச்சம். சரும நிறத்தைத் தனியாகக் குறிப்பிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

கோணத்தைப் பற்றிய வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. போஸ்டர் என்றாலே நாயகனைக் கீழிருந்து மேலாகப் பார்க்கிற கோணம் வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். நேராக எடுத்த புகைப்படத்தைக் கொடுத்துவிட்டு அந்தக் கோணத்தைக் கேட்டால், நண்பரின் தாடைக்கு அடிப்பகுதி எப்படியிருக்கும், மூக்குத் துவாரம் எப்படியிருக்கும் என்று கருவிக்குத் தெரியாது. அது கண்டுபிடித்துத்தான் வரைய வேண்டும், அங்கேயே சாயல் போய்விடும். பக்கவாட்டு முகம் கேட்டாலும் இதே கதைதான். கம்பீரம் வேண்டுமானால் அதைப் பின்னணியிலிருந்து எடுங்கள்: தொடுவானத்தைத் தாழ்த்தச் சொல்லுங்கள், பின்னால் நிற்கும் கட்டடம் உயர்ந்து தெரியட்டும், முதுகுப்பக்கம் வெளிச்சம் விளிம்பு கட்டட்டும். கீழிருந்து எடுத்த கோணமே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கீழிருந்து எடுத்த புகைப்படத்தைத் தேடிக் கொடுப்பதுதான் வழி.

உருவத்தின் அளவும் அப்படித்தான். இந்தக் கருவிகளில் கிடைக்கும் நீளவாக்குப் படம் 1024 × 1536 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அதில் தலை முதல் கால் வரை ஆளை நிற்க வைத்தால், தலைக்குக் கிடைப்பது சுமார் 150 பிக்சல்தான். அந்த இடத்துக்குள் புருவத் தழும்பு எங்கே தெரியப்போகிறது? இடுப்புக்கு மேல் என்றால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும், நெஞ்சளவு என்றால் இன்னும் கூடும். பைக்கில் உட்கார்ந்து வருகிற மாதிரி முழு உருவமும் வேண்டும் என்றால், பெரிய முகத்தை மேலேயும் சின்ன முழு உருவத்தைக் கீழேயும் வைக்கச் சொல்லலாம். நம் பழைய போஸ்டர்களின் அமைப்பே அதுதானே. சின்ன உருவத்தில் முகம் சுமாராக இருந்தாலும் மேலே இருக்கிற பெரிய முகம் ஈடுகட்டிவிடும்.

முதல் முறை வந்தது சரியில்லை என்றால் வந்த படத்தைத் திருத்தச் சொல்லாமல், புதிய உரையாடல் திறந்து, அசல் புகைப்படத்தை மறுபடி ஏற்றி, பிராம்ப்ட்டில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். ஒரே நேரத்தில் நாலு வரியை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. முகம் நன்றாக அமைந்த ஒரு படம் கிடைத்துவிட்டால், பின்னணியில் இருக்கும் சின்னக் குறைகளை ஏற்றுக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆறு விரல் மாதிரியான பெரிய கோளாறு என்றால் சரி, மாற்றத்தான் வேண்டும். ஸ்பேனரின் வடிவம் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று கிளம்பினால் முகம் போய்விடும்.

பிராம்ப்ட்டைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழிலேயே தாராளமாக எழுதலாம், மேலே இருப்பதும் அப்படி எழுதியதுதான். ஓவியப் பாணியைக் குறிக்கும் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் கருவி கூர்மையாகப் பிடித்துக்கொள்கிறது. கையால் வரைந்த பழைய போஸ்டர் பாணி வேண்டுமென்றால் கடைசியில் இந்த வரியைச் சேர்க்கலாம்:

```
hand-painted poster, visible brush strokes, matte gouache
```

பாணியைத் தேர்ந்தெடுப்பதிலும் எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு. இன்றைய ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர்களைப் போன்ற பளபளப்பைக் கேட்டால், சருமம் பிளாஸ்டிக் பூசியது போல வருகிற ஆபத்து அதிகம். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் நம் ஊர் பேனர் ஓவியர்கள் முகத்தின் நிழலில் பச்சையையும் நீலத்தையும், வெளிச்சத்தில் ரோஸையும் ஆரஞ்சையும் தைரியமாக இழுத்துவிடுவார்கள். அந்த வண்ணங்களைப் பிராம்ப்ட்டில் பெயர் சொல்லிக் கேட்டால், முகத்தில் இருக்கும் சிறு பிசகுகள் ஓவியரின் கைவாகு போலப் போய்விடும். தூரிகைத் தடம் இருக்கும் படத்தைப் பெரிதாக்கினாலும் அவ்வளவாக உதிராது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஓவியப் பாணி என்றதும் முகத்தையும் கருவி தன் இஷ்டத்துக்கு மாற்ற முனையும், அதனால் முகத்தைப் பற்றிய வரிகள் பிராம்ப்ட்டின் தொடக்கத்திலேயே இருக்கட்டும்.

இனி எழுத்து. படத்தின் அடியில் இருண்ட வெற்றிடம் கிடைத்திருக்கிறது. கேன்வா போன்ற செயலியில் படத்தைத் திறந்து அதன்மேல் தட்டச்சு செய்யலாம். தலைப்புக்குத் தடித்த எழுத்துரு வேண்டும்: கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பலூ தம்பி 2 உருண்டு திரண்டு நிற்கும், அனெக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், அதனால் அடியில் வரும் பெயர் வரிசைக்கு அதன் குறுகிய வடிவம் கச்சிதமாகப் பொருந்தும். பழைய பாமினி வகை எழுத்துருக்களைக் கணினியில் வைத்திருப்பவர்கள் அவற்றில் யூனிகோடு தமிழைத் தட்டச்சு செய்தால் வராது. அதேபோல ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்திலிருந்து பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் தெரிந்தால், அந்தச் செயலிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். வேறு செயலிக்குப் போய்விடுவது உத்தமம்.

கையால் வரைந்த பாணியில் போஸ்டர் செய்கிறீர்கள் என்றால் எழுத்துருவை விட்டுவிடுங்கள். தலைப்பைக் கையாலேயே எழுதுங்கள். வெள்ளைத்தாளில் தட்டைப் பிரஷ்ஷும் கறுப்பு போஸ்டர் கலரும் வைத்து எழுதி, நிழல் விழாமல் மேலிருந்து படமெடுத்து, வெள்ளையை நீக்கி, மஞ்சளோ சிவப்போ நிரப்பி வைத்தால் போஸ்டரின் தரமே மாறிவிடும். பழைய போஸ்டர்களில் தலைப்பு ஒவ்வொன்றும் அந்தப் படத்துக்கென்றே வரைந்ததுதான். எந்த எழுத்துருவாலும் அதைத் தர முடியாது. நமக்குக் கை வராது என்றால் ஊரில் போர்டு எழுதுகிறவர் ஒருவராவது இருப்பார். ‘பழுது பார்க்கப்படும்’ என்ற வாசகத்தை அவர் எத்தனை கடைக்கு எழுதியிருப்பார்! அவர் எழுதும் ‘ழ’வின் வளைவில் தெருவே இருக்கும். நண்பரின் போஸ்டருக்கு நான் செய்தது அதைத்தான். அவர் கடைப் பலகையை எழுதியவரையே பிடித்து, அதே வாசகத்தைத் தாளில் எழுதி வாங்கினேன்.

அடியில் வரும் பெயர் வரிசையில்தான் இந்தப் பரிசின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘தயாரிப்பு: அப்பா, அம்மா’, ‘வசனம்’ என்ற இடத்தில் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் நண்பர், ‘நிதியுதவி’ என்ற இடத்தில் கடன் சொல்லிவிட்டுப் போகும் வாடிக்கையாளர்கள். பரிசு வாங்கியவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், இந்த வரிகளை நின்று படிப்பார். எழுத்தைக் கருவியிடம் விட்டால் இழப்பது இந்தப் பகுதியைத்தான்.

அசல் முகத்தை வெட்டி ஒட்டுவது

என்ன செய்தும் சாயல் கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது வழி இருக்கிறது. சில முகங்களுக்கு அப்படி ஆகும். அடர்ந்த தாடி, தடித்த கண்ணாடி, சிரித்தால் மட்டும் அவராகத் தெரிகிறவர்கள். இங்கே கருவிக்கு நண்பரின் படத்தைக் கொடுப்பதே இல்லை. ‘ஆள் இல்லாத ஒர்க்‌ஷாப், நடுவில் வெறுமையான இடம், வெளிச்சம் இடப்பக்கமிருந்து’ என்று பின்னணியை மட்டும் வாங்க வேண்டும். பிறகு புகைப்படத்திலிருந்து நண்பரை வெட்டியெடுத்து அதன்மேல் வைக்க வேண்டும். வெட்டுவதற்கு `remove.bg` போன்ற தளங்கள் போதும்.

சாயலைப் பற்றிய கவலை இதில் அறவே கிடையாது, ஏனென்றால் அது அவரேதான். கஷ்டம் ஒட்டியது தெரியாமல் செய்வதில். வெளிச்சத்தின் திசை இரண்டிலும் ஒன்றாக இல்லையென்றால் எத்தனை மெருகு போட்டாலும் ஒட்டு தெரிந்துவிடும். அதனால் புகைப்படத்தில் எந்தக் கன்னம் பிரகாசமாக இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்றபடி பின்னணியைக் கேளுங்கள். முடியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்கும், அந்த இடத்தில் பின்னணியை இருட்டாக வைத்தால் உறுத்தும், புகைபோல மங்கலாக வைத்தால் மறையும். கடைசியாக, ஆள் பின்னணி இரண்டின் மேலும் ஒரே வண்ணச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, கொஞ்சம் துகள்தன்மை சேர்த்தால் இரண்டும் ஒரே படமாகச் சேரும். கை பழகியவருக்கு ஒரு சாயங்கால வேலை. புதியவருக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். ஓவியப் பாணியும் இதில் அமையாது, முகம் புகைப்படமாகவும் மற்றது ஓவியமாகவும் நிற்கும்.

இன்னொரு விஷயத்திலும் இந்த வழிக்கு மதிப்பு இருக்கிறது. தன் முகத்தை இந்த மாதிரிக் கருவிகளில் ஏற்றுவதை விரும்பாத நண்பர்கள் இருக்கிறார்கள். பரிசு என்பதால் முன்கூட்டிக் கேட்கவும் முடியாது. அவர் தன் படத்தைப் பொதுவில் போடாத ஆள் என்று உங்களுக்குத் தெரிந்தால், ஒட்டும் வழியையே எடுங்கள்; வெட்டுவதையும் போனிலோ கணினியிலோ இணையத்தில் ஏற்றாமல் செய்துகொள்ளலாம். குழந்தைகளோடு இருக்கும் படம் என்றால் குழந்தைகளை வெட்டிவிட்டுத்தான் எந்தக் கருவியிலும் ஏற்ற வேண்டும்.

பிரிண்ட்

அளவை முதலிலேயே முடிவு செய்துவிட்டு பிராம்ப்ட் எழுதுங்கள். போட்டோ லேபில் 12 × 18 அங்குலம் போடப் போகிறீர்கள் என்றால் அது சரியாக 2:3, படம் முழுதாக உட்காரும். ஜெராக்ஸ் கடையில் ஏ3 என்றால் அதன் அளவு 297 × 420 மில்லிமீட்டர். 2:3 படத்தை அந்த அகலத்துக்குப் பொருத்தினால் உயரம் 445 வரும். ஆக ஏறக்குறைய ஒரு அங்குலம் வெட்டுப்படும், பெயர் வரிசையை ஓரத்தை ஒட்டி வைத்திருந்தால் வெட்டுப்படுவது அதுதான். ஏ3 என்றால் கேன்வாவில் ஏ3 பக்கத்தையே திறந்து, படத்தை அதற்குள் நகர்த்தி வைத்து, அதற்குப் பிறகு எழுத்தை வையுங்கள்.

பிக்சல் கணக்கும் இங்கேதான் வந்து நிற்கும். 1024 பிக்சல் அகலப் படத்தை 12 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 85 பிக்சல்தான் கிடைக்கும். சுவரில் மாட்டிப் பார்க்கிற படத்துக்கு 150-ஆவது வேண்டும், கையில் பிடித்துப் பார்ப்பதற்கு 200-க்குமேல் இருந்தால் நல்லது. கூகுளின் நேனோ பனானா ப்ரோ போன்ற புதிய மாடல்களில் பெரிய அளவில் படம் வாங்க முடிகிறது, 4K கிடைத்தால் இந்தக் கவலையே வேண்டாம். கிடைக்காதபோது படத்தைப் பெரிதாக்கும் செயலிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அவை முகத்தைத் தனியாக ‘மேம்படுத்த’ ஒரு வசதி வைத்திருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய முகத்தை அது ஒரே தட்டில் வழவழப்பாக்கிவிடும். எழுத்தை நாமே வைப்பதன் இன்னொரு லாபமும் இங்கே தெரியும்: படத்தை முதலில் பெரிதாக்கிவிட்டு அதன்மேல் எழுத்தை வைத்து பிடிஎஃப்பாக எடுத்தால், படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் எழுத்து கத்தி மாதிரி கூர்மையாக வரும். ஒரே பிராம்ப்ட்டில் செய்த போஸ்டரில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து மங்கும்.

போன் திரையில் பார்ப்பதைவிடக் காகிதத்தில் எல்லாமே ஒரு படி இருட்டாக வரும். கறுத்த முகமுள்ள நண்பர் இருண்ட பின்னணியில் நிற்கும்போது இது மிகவும் பாதிக்கும். திரையில் தெரிந்த கன்னத்து வெளிச்சம் காகிதத்தில் மறைந்துவிடும். இதற்குத் தீர்வு முகத்தை வெளுக்க வைப்பதல்ல. பின்னணியில் முகத்தை ஒட்டியிருக்கும் பகுதியை வெளிச்சமாக்க வேண்டும், நிழல்களை மட்டும் கொஞ்சம் தூக்க வேண்டும். பெரிய பிரிண்டுக்கு முன்னால் முகப்பகுதியை மட்டும் 4 × 6 அளவில் ஒன்று போட்டுப் பார்த்தால் சில ரூபாயில் விஷயம் தெரிந்துவிடும். ஜெமினியில் செய்த படத்தில் பொதுவாக வலது கீழ் மூலையில் சின்ன நட்சத்திரக் குறி ஒன்று இருக்கும். அது கருவியில் செய்த படம் என்பதற்கான அடையாளம். அதை அழிக்க வேண்டாம், தேதி வரியை இடப்பக்கம் தள்ளி வைத்தால் போதும்.

ஆக, ஜூன் 14-க்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது, பிரேம் போட்டுக் கொடுக்க ஆசை என்றால் இரண்டாவது வழி. அதில் ஒரு நாள் படத்துக்கு, ஒரு நாள் எழுத்துக்கு, ஒரு நாள் பிரேம் கடைக்கு. முதல் நாளிலேயே முகம் அமையவில்லை, கையில் போட்டோ எடிட்டிங் தெரிந்த தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள் என்றால் மூன்றாவதுக்குத் தாவிவிடுங்கள்; பிராம்ப்ட்டில் ஏற்கெனவே எழுதிய பின்னணி வரிகளும் எழுதி வைத்த தலைப்பும் அதற்கும் உதவும். நாளைக்குக் காலையில் பிறந்தநாள், இன்று இரவு பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது என்றால் ஒரே பிராம்ப்ட்டில் படத்தை மட்டும் ஸ்டேட்டஸ் அளவான 9:16-இல் வாங்கி, தலைப்பைக் கருவியிடம் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே தட்டச்சு செய்துவிடுங்கள். அந்த அவசரத்திலும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கும்.